கறுப்பு-சிவப்பு ஓடு எந்தக் காலத்தது?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரியபோது கரையில் கொட்டிய மண்ணில் நிறையப் பானை ஓடுகள் கிடைத்தன. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ஒரு சாக்கு சேர்த்து வைத்திருக்கிறோம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பார்த்துவிட்டு, இவை 2,600 ஆண்டு பழையவை என்றும், நான்கைந்து ஓடுகளும் 15,000 ரூபாயும் கொடுத்தால் கார்பன் சோதனை செய்து சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். ஓட்டைப் பார்த்து ஊரின் வயதைச் சொல்ல முடியுமா? நாங்களே எதைப் பார்க்க வேண்டும்?
– பள்ளி ஆசிரியர், கடலூர் மாவட்டம்

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள், ஐயா. ஓடுகளையும் கொடுக்காதீர்கள். கார்பன் சோதனை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்கு உரியது: கரி, நெல், எலும்பு போன்றவை. சுட்ட மண்ணுக்கு அந்தச் சோதனை கிடையாது. கீழடிக்குச் சொல்லப்படும் கி.மு. 580 என்ற காலமும் பானை ஓட்டிலிருந்து வந்ததல்ல, 353 செ.மீ. ஆழத்தில், எந்த மண்ணடுக்கு என்று குறித்து எடுத்த கரிம மாதிரியிலிருந்து வந்தது. ஓட்டையே சோதிக்கிற வெப்ப ஒளிர்வு முறை என்று ஒன்று இருக்கிறது. அதற்கு, ஓடு புதைந்து கிடந்த இடத்து மண்ணின் கதிர்வீச்சையும் அளந்தாக வேண்டும். ஜேசிபி வாரிக் கொட்டிய குவியலில் பொறுக்கிய ஓட்டுக்கு அந்த மண்ணை எங்கே போய்த் தேடுவது? சான்றிதழ் என்று ஒரு தாளைக் கொண்டுவருவார்கள், முத்திரைகூட இருக்கும். அந்தத் தாள் எதற்கும் உதவாது. இன்னும் மோசம், இப்படிப்பட்டவர்களில் சிலர் ஓட்டுக்காக வருவதில்லை. ஊரில் மணி, காசு, சிலை ஏதாவது கிடைத்திருக்கிறதா என்று நோட்டம் பார்க்க வருகிறார்கள். உரிமம் இல்லாமல் பழம்பொருள் வியாபாரம் செய்வது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். மறுமுறை வரமாட்டார்.

இனி ஓட்டுக்கு வருவோம். உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருப்பது காலத்தின் அடையாளம் அல்ல, சூளையில் சுட்ட விதத்தின் அடையாளம். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உட்புறத்துக்கும் வாய்ப்பகுதிக்கும் காற்று போகாது, அவை கறுக்கும். காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். இந்த நிறக் கலவையில் ராஜஸ்தானத்து அகார் மக்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கலம் வனைந்தார்கள். தமிழகத்தில் பெருங்கற்கால ஈமக்குழிகளில் தொடங்கி ஏறக்குறைய கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை இது புழக்கத்தில் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீண்ட வழக்கம். ஆக, உங்கள் சாக்கில் இருப்பது 2,600 ஆண்டு பழையதாகவும் இருக்கலாம், 1,800 ஆண்டு பழையதாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் வைத்து இதற்குமேல் யாரும் சொல்ல முடியாது.

நிறத்தை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள்: மண், வடிவம், அலங்காரம். இதே வரிசையில் பாருங்கள். புதிதாக வருபவர்கள் எல்லாரும் தலைகீழாக, அலங்காரத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

மண்ணைப் பார்க்கப் பழைய உடைப்பு உதவாது, அதில் அழுக்கும் உப்பும் ஏறியிருக்கும். வயிற்றுப்பகுதி ஓடு ஒன்றின் ஓரத்தைக் குறட்டால் சிறிது கிள்ளுங்கள். விளிம்பு ஓட்டைக் கிள்ளவேண்டாம். புதிய உடைப்பைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள். மணல் துகள் தெரிகிறதா, அது உருண்டையா கூர்மையா, உமி எரிந்த வெற்றிடம் இருக்கிறதா, அபிரகம் மினுங்குகிறதா, நடுவில் சாம்பல் நிறப் பட்டை ஓடுகிறதா. ஒரே மாதிரி உடைப்புள்ளவற்றை ஒரு குவியலாக வையுங்கள். உங்கள் ஊர்க் குயவர் எடுக்கும் மண்ணில் ஒரு துண்டைச் சுட்டு அருகில் வைத்துக்கொண்டால், எது ஊர் மண், எது வந்த மண் என்று ஒரு மாலைப்பொழுதில் கண் பழகிவிடும். கழுவும்போது தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். ஆசிட் ஊற்றித் தேய்த்த ஓடுகளை என்னிடம் கொண்டுவருகிறார்கள். மேற்பூச்சு போய்விட்ட ஓட்டை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

வடிவத்துக்கு விளிம்பு ஓடுதான் முக்கியம். அதைத் தலைகீழாக மேசையில் வைத்து, விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரியாத நிலை வரும்வரை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். அதுதான் கலம் நின்ற நிலை. கிண்ணமா, தட்டா, குடமா என்பது அப்போது விளங்கும். ஒரு தாளில் ஒரே மையத்தில் 2 செ.மீ. இடைவெளியில் வட்டங்கள் வரைந்து அதன்மேல் விளிம்பை வைத்தால் எந்த வட்டத்தோடு பொருந்துகிறதோ அதுதான் வாய்விட்டம். விரற்கடை அளவே உள்ள ஓட்டை வைத்து விட்டம் கணிக்காதீர்கள். எந்த வட்டத்தோடும் பொருந்துவது போலத் தோன்றும்.

இந்த மூன்றும் சேர்ந்து எப்படிக் காலம் சொல்லும், எங்கே ஏமாற்றும் என்பதற்கு உங்களுக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டைத்தான் சொல்கிறேன். 1945இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் சிவப்பு மெருகுக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. சிலவற்றில் குயவர் முத்திரை இருந்தது. அந்தக் கலங்களின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே கணிக்கப்பட்டிருந்ததால், அவை கிடந்த அடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியை ஒட்டியது என்று சொல்ல முடிந்தது. கூடவே கிடைத்தது ரூலெட்டட் கலம்: ஓரடி விட்டம் வரும் தட்டு, மாவுபோல நைசான சாம்பல் நிற மண், உள்நோக்கி வளைந்து அலகுபோல முடியும் விளிம்பு, உள்ளே அடிப்பகுதியில் வட்டவட்டமாகச் சிறு கொத்துக் கோடுகள். அரெட்சோ ஓட்டின் காலத்தை இதற்கும் கொடுத்தார் வீலர். பிறகு கர்நாடகத்துப் பிரம்மகிரியில் ரூலெட்டட் ஓடு கிடைத்தபோது அந்தக் காலத்தை அங்கேயும் கொண்டுபோனார். தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கில் பெரும்பகுதி இந்த ஒரு சங்கிலியில் தொங்கியது.

சங்கிலியின் கண்ணி பின்னால் நழுவியது. 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி, ரூலெட்டட் கலம் ரோமானியருக்கு முன்பே, கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது என்று வாதிட்டார். இன்று பெரும்பாலோர் அதை ஏற்கிறார்கள். அலங்காரத்தைப் பார்த்து மேற்கத்தியத் தொடர்பு என்று எண்ணியிருந்த கலத்தின் மண்ணைச் சோதித்தபோது, அது கங்கைக் கழிமுகப் பக்கத்தோடு ஒத்துப்போனது. கண்ணைக் கவர்ந்த கொத்துக்கோடு மேற்கே கைகாட்டியது, மண் வடக்கே கைகாட்டியது. அலங்காரத்தைக் கடைசியில் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அதே கொத்துக்கோட்டைக் கரடுமுரடான உள்ளூர் மண்ணில் போலி செய்த தட்டுகளும் அரிக்கமேட்டில் உண்டு. உங்கள் சாக்கில் நைசான சாம்பல் மண்ணும் அலகு விளிம்பும் உள்ள ஓடு ஒன்று கிடைத்தால், அதில் ஒரு கோடும் இல்லாவிட்டாலும் எடுத்துத் தனியே வையுங்கள். கோடு தட்டின் நடுவில்தான் இருக்கும், விளிம்பில் இராது. அலங்காரம் இல்லை என்று வீசப்படும் ஓடுகளில் இப்படிப்பட்டவையும் உண்டு.

இன்னொரு பொறி, சாடிக் கழுத்து. தடித்த சாடி ஓடு கிடைத்தால் உடனே ரோமானிய மதுச்சாடி என்று செய்தித்தாளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே தார்போலக் கறுப்பாகக் கீல் பூசியிருந்தால், அது மெசப்பொட்டேமியப் பக்கத்துச் சாடியாக இருக்கலாம். அப்படியானால் காலம் சில நூற்றாண்டுகள் பிந்தியதாகிவிடும்.

ஒற்றை ஓட்டை விட்டு அடுக்குக்கு வந்தால் அடிப்படை விதி ஒன்றுதான்: ஓர் அடுக்கு, அதில் உள்ளவற்றில் மிகப் பிந்திய ஓட்டைவிட முந்தியதாக இருக்க முடியாது. நூறு கறுப்பு-சிவப்பு ஓட்டோடு நீலக்கோலம் போட்ட சீனப் பீங்கான் ஒன்று கிடந்தால், அடுக்கின் காலத்தைப் பீங்கானே முடிவுசெய்யும். ஆனால் இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தேர்ந்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். எலி வளை தோண்டும், வேர் இறங்கும், பின்னால் வந்தவன் குப்பைக்குழி வெட்டுவான். அந்த வழியே பிந்திய ஓடு முந்திய அடுக்குக்குள் இறங்கிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டுமுகத்தைச் சீவித் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் குழியின் ஓரம் வேறு நிறத்தில் தெரியும். குழிக்குள் மண் இளகியிருக்கும், கையால் அழுத்தினால் உள்வாங்கும். பிந்திய ஓடு அந்த இளகிய மண்ணில் கிடந்தால் அது குழியின் காலம், அடுக்கின் காலம் அல்ல. இறுகிய மண்ணில், மற்ற ஓடுகளைப் போலவே படுக்கையாகக் கிடந்தால் அது அடுக்கைச் சேர்ந்தது. உங்கள் ஆசைக்காக அதைக் குழிக்குள் தள்ளிவிடக் கூடாது. இந்தச் சோதனை அனைத்தும் மண் இருந்த இடத்தில் இருக்கும்போதுதான் முடியும். தோண்டி எடுத்த பிறகு பீங்கான் எலியோடு வந்ததா, எஜமானோடு வந்ததா என்று கேட்டால் பதில் இல்லை.

அதனால் உங்கள் சாக்கு ஊரின் வயதைச் சொல்லாது. இந்தப் பக்கத்தில் எந்த எந்தக் காலத்து மக்கள் புழங்கினார்கள் என்று மட்டும் சொல்லும். ஓடுகளின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். ஓரம் மழுங்கி உருண்டிருந்தால் தண்ணீர் தூரத்திலிருந்து உருட்டி வந்தது. கூர்மையாக இருந்தால் குடியிருப்பு பக்கத்தில்தான் இருந்தது. அப்படியானால் ஏரிக்குத் தண்ணீர் வரும் பக்கம் நத்தமேடு ஏதும் உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

எழுத்து மூலம் வட்டாட்சியருக்குத் தெரிவித்து ஒப்புகை வாங்கி வையுங்கள். உடனே யாராவது வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் வேலை பார்த்த ஓர் அகழாய்வின் ஓடுகள் இருபது ஆண்டாகச் சாக்கிலேயே கிடந்தன. அறிக்கை வரவில்லை, அடையாளச் சீட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது அவையும் உங்கள் ஏரிமண் ஓடுகளும் ஒன்றுதான். குழி தோண்ட ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறார்கள், தோண்டியதைப் படிக்க ஆளைப் போடமாட்டார்கள்.

அதுவரை உங்கள் மாணவர்களை வைத்து ஒரு வேலை செய்யலாம். சாக்கில் உள்ளதை மண்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் விளிம்பு எத்தனை, வயிறு எத்தனை, அடி எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். எந்த இடத்துக் குவியல், எந்தத் தேதி என்ற சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளேயே வையுங்கள். கோடையில் ஏரி வற்றியதும், தூர்வாரிய இடத்தின் கரைச்சுவரில் ஓடுகள் பதிந்து தெரிகின்றனவா என்று நடந்து பாருங்கள். தெரிந்தால் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஒன்றையும் பிடுங்காதீர்கள்.