நாள் குறிக்கும் பேச்சு வந்தால் விலகிப் போகிறாள்

கேள்வி: எனக்கு 31 வயது, கோவையில் வேலை. மூன்று வருடமாக ஒரு பெண்ணைக் காதலிக்கிறேன். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் விவாகரத்து வாங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் சம்மதம்தான். ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கலாம் என்றாலே எதையாவது சொல்லித் தள்ளிப்போடுகிறாள், இரண்டு நாள் போனைக்கூட எடுப்பதில்லை. சண்டை பெரிதாகக் கூடாது என்று நானும் பேசாமல் இருந்து பார்த்துவிட்டேன். இன்னும் எப்படிப் பொறுமையாக இருப்பது, எவ்வளவு நாள் இருப்பது?

பதில்: பேசாமல் இருப்பதைப் பொறுமை என்று நினைத்துச் செய்திருக்கிறீர்கள். முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணம் உங்கள் தோழியின் பெற்றோர் எப்படிப் பிரிந்தார்கள் என்பதில் இருக்கக்கூடும்.

பெற்றோரின் பிரிவு பிள்ளைகளிடம் உடனே வெளிப்படாமல், அவர்களுக்கென்று ஒரு துணை அமையும் வயதில் தலைதூக்குவது உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜூடித் வாலர்ஸ்டீன் 1971-இல் கலிபோர்னியாவில், பெற்றோர் பிரிந்த 131 பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்கி, 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தபோது கண்டது இதைத்தான். அவர் பார்த்தது ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த 60 குடும்பங்களை மட்டுமே என்பதால் அவருடைய முடிவுகளை எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. இத்தகைய பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே வாழ்கிறார்கள் என்று இன்னொரு உளவியலாளரான மேவிஸ் ஹெதரிங்டன் பிற்பாடு எழுதினார். உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது, சமூகவியலாளர்கள் பால் அமாட்டோவும் டேனல் டிபோயரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு. அடிதடியும் கூச்சலுமாக இருந்து பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளைவிட, வெளியே தெரியாமல் அமைதியாக இருந்து பிரிந்தவர்களின் பிள்ளைகளுடைய மண வாழ்க்கையே முறிவை நோக்கி அதிகம் போனது என்று அவர்கள் கண்டார்கள். தினமும் சண்டையைப் பார்த்த குழந்தைக்குப் பிரிவுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. எதையுமே பார்க்காத குழந்தையோ, நன்றாக இருக்கும் வீடும் ஒருநாள் சொல்லாமல் உடைந்துவிடும் என்று புரிந்துகொள்கிறது.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு அவருடைய அப்பா உட்கார்ந்து நோட்டுகளுக்கெல்லாம் பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, முத்து முத்தாகப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் ஆட்டோவில், "அப்பா இனிமே இங்க இருக்க மாட்டார்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். பதினாறு வருடம் கழித்து, தன் காதலரோடு முகூர்த்தப் புடவை எடுத்துவிட்டு மகிழ்ச்சியாக வீடு திரும்பிய அன்றிரவுதான் அவருக்கு மூச்சு முட்டியது. சண்டைகளைக் கண்டு அவர் பயப்படவே இல்லை. எல்லாம் சரியாக இருக்கும் நாள்தான் அவருக்கு அபாய அறிகுறியாக இருந்தது. காதலரோ ஒவ்வொரு முறையும் இன்னும் அன்பாக, இன்னும் பெரிய பரிசாகக் கொடுத்து அவரைத் தேற்றப் பார்த்தார். அது பயத்தைக் கூட்டவே செய்தது.

ஆகவே உங்கள் தோழியிடம் "ஏன் பிரிந்தார்கள்?" என்று கேட்காதீர்கள். அதற்கு அவர் யாருடைய பக்கமாவது நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள், அதற்கு முந்தைய நாட்களில் வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஒரே மூச்சில் கேட்டு முடிக்க வேண்டியதில்லை. வண்டியில் போகும்போது, முகத்தைப் பார்க்காமல் பேச வாய்ப்பிருக்கும்போது, ஒரு கேள்வி போதும். அவருடைய வீட்டில் பேச்சு நின்றுபோன சில மாதங்களுக்குப் பிறகுதான் அப்பா வெளியேறினார் என்று தெரியவந்தால், உங்கள் மௌனம் அவருக்கு என்ன சொல்லியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர் விலகுகிறார், நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள், அதைக் கண்டு அவர் இன்னும் விலகுகிறார்.

இதை உடைக்க "உன்னை ஒருநாளும் விடமாட்டேன்" என்ற வாக்குறுதி உதவாது, ஏனென்றால் அவருடைய அப்பாவும் அப்படிச் சொன்னவராகவே இருந்திருக்கலாம். உதவுவது, சிறியதாகவும் சரிபார்க்கக் கூடியதாகவும் இருக்கும் வார்த்தை. கோபம் வந்தால், "எனக்கு இப்போது கோபமாக இருக்கிறது, சரியாகப் பேச வராது, எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று செய்தி அனுப்பிவிட்டு, எட்டுக்குக் கூப்பிடுங்கள். எட்டரைக்கு அல்ல. அவர் எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அழைக்காமல், மறுநாள் எப்போது அழைப்பீர்கள் என்பதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துங்கள். கோபித்துக்கொண்டவர் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவதை அவர் பலமுறை பார்க்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது, பலரும் கவனிக்கத் தவறுவது. சில பெண்களுக்குத் திருமண வாழ்க்கையைவிடத் திருமண நாள்தான் பெரிய பயம். பத்திரிகையில் அப்பாவின் பெயர் வருமா, அம்மாவின் பெயருக்குப் பக்கத்திலா தனியாகவா, தாரை வார்க்கப் பெற்றோர் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டுமே, மாமா நின்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன கேட்பார்கள் என்பவையெல்லாம் அவருடைய மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். "நாள் பார்க்கலாம்" என்று நீங்கள் சொல்லும்போது அவருக்குக் கேட்பது இந்தக் கேள்விகளாக இருக்கலாம். இவற்றுக்கு நடைமுறை விடைகள் உண்டு. தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது வேறு எவர் முன்னிலையிலும் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் திருமணம் முழுமையாகச் செல்லும். புரோகிதரும் தேவையில்லை, தாரை வார்க்கும் சடங்கும் தேவையில்லை. உங்கள் வீட்டாரிடம் இதைப் பேசும் பொறுப்பு உங்களுடையது. பேசும்போது அவருடைய பயத்தைக் காரணமாகச் சொல்லிவிடாதீர்கள். "எனக்கு இப்படித்தான் வேண்டும்" என்று உங்கள் தலையில் போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் என்பதற்கு வருகிறேன். முதலில், இது பயமா, விருப்பமின்மையா என்று பாருங்கள். பயப்படுபவர், நாள் குறிப்பதைத் தவிர மற்றவற்றில் உங்களோடு இருப்பார். உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு வருவார், தன் தோழிகளிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருப்பார். அந்த அன்றாடமே மங்கலாக இருந்தால் அது வேறு விஷயம், அதற்குப் பொறுமை மருந்தாகாது. பயம்தான் என்றால் ஆறு மாதம் என்று இருவரும் சேர்ந்து முடிவுசெய்து, அதுவரை உங்கள் வீட்டாரை நாள் பற்றிக் கேட்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது கெடு அல்ல, நிலைமையைத் திரும்பப் பார்க்கும் நாள் மட்டுமே என்று சொல்லிவிடுங்கள். விலகியிருக்கும் நேரம் இரண்டு நாளிலிருந்து ஒரு மாலையாகக் குறைவதும், பேச்சை அவரே எப்போதாவது எடுப்பதும் நல்ல அறிகுறிகள். ஆறு மாதத்தில் இரண்டுமே நடக்கவில்லை என்றால், அல்லது அவருக்குத் தூக்கமின்மை, படபடப்பு, மூச்சு முட்டல் இருந்தால், இருவருமாக ஓர் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-லும் இலவசமாகப் பேசலாம். அவரை மட்டும் தனியாக அனுப்பி வைக்காதீர்கள், குறை தன்னிடம்தான் என்று எடுத்துக்கொள்வார்.

ஆலோசனைக்குப் பிறகும் அவர் திருமணம் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னால், அதைப் பயம் என்று விளக்கி ஒதுக்காமல் பதிலாகவே ஏற்றுக்கொண்டு, உங்கள் முடிவை நீங்கள் எடுக்கலாம். இப்போதைக்கு வரும் ஞாயிறன்று கல்யாணப் பத்திரிகையைப் பற்றி மட்டும் பேச்செடுங்கள்: யார் பெயர் எங்கே வர வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள், தேதிக்கான இடம் காலியாகவே இருக்கட்டும்.