பொடி விற்காமல் சோர்ந்திருக்கும் தோழிக்கு

“தோழி வீட்டிலேயே இட்லிப்பொடி அரைத்து விற்கிறாள். ஒரு மாதமாகியும் யாரும் வாங்கவில்லை, விட்டுவிடலாம் என்கிறாள். எப்படித் தேற்றுவது?”

பாவம் பார்த்து நீங்களே பத்து பாக்கெட் வாங்கிவிடாதீர்கள். அது அவருக்கும் தெரிந்துவிடும், இன்னும் நொந்துபோவார்.

பொடியில் ஒரு சங்கடம் உண்டு. எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே ஒரு டப்பா இருக்கும், அது தீர்கிறவரை புதிது வாங்க மாட்டார்கள். தெரியாத கை அரைத்ததைக் கால் கிலோவாக வாங்கவும் தயங்குவார்கள். ஆகவே ஒரு மாத மௌனத்தை வைத்துச் சுவையைப் பற்றி எதுவும் முடிவுகட்ட முடியாது. இதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், 50 கிராம் பாக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள். அரைத்த தேதியும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு எண்ணும் லேபிளில் இருக்கட்டும். சிலவற்றை உங்கள் அலுவலகத்தில் விலைக்கே கொடுங்கள், இலவசமாக வேண்டாம். இரண்டு வாரம் கழித்து “நல்லா இருந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். “தீர்ந்துபோச்சா?” என்று கேளுங்கள். பாதிப்பேர் தீர்ந்தது என்றால் பொடியில் குறையில்லை. அப்படியே மிச்சமிருந்தால், காரமா உப்பா என்று விசாரித்து, உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள்.