ஃப்ளைட் கேன்சல்: ‘ஏற்கிறேன்’ பட்டனைத் தொடுமுன்

பெங்களூர் ஏர்போர்ட் கவுன்டரில் பல வருஷம் நின்றவன் நான். உள்நாட்டு ஃப்ளைட் பற்றி மட்டும் கேளுங்கள்.

சரவணன், மாரத்தஹள்ளி: இரவு 9.40 டெல்லி ஃப்ளைட். 7 மணிக்குத்தான் கேன்சல்னு மெசேஜ் வந்தது. நாளை காலை 6.10-க்கு மாத்தித் தர்றாங்களாம். இழப்பீடும் கேட்கலாமா?

மாற்று ஃப்ளைட்டுக்கான ‘ஏற்கிறேன்’ பட்டனை அழுத்திவிட்டீர்களா? இல்லையே? நல்லது. விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ-வின் விதியில் வழி இரண்டு: உங்களுக்குச் சம்மதமான மாற்று ஃப்ளைட், அல்லது முழு ரீஃபண்டோடு இழப்பீடு. ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

கணக்கு போடுவோம். டிக்கெட் 6,200 ரூபாய் என்று வையுங்கள். அதில் அடிப்படைக் கட்டணம் 4,100, எரிபொருள் கட்டணம் 600. பறக்கும் நேரம் 2 மணிக்கு மேல் என்பதால் இழப்பீட்டு வரம்பு 10,000. ஆனால் அடிப்படையும் எரிபொருளும் சேர்ந்த 4,700 அதைவிடக் குறைவு, குறைவானதுதான் கிடைக்கும். ரீஃபண்டோடு 10,900. இப்போதே வேறு ஃப்ளைட் விலையைப் பாருங்கள். 7,000 என்றால் ரீஃபண்ட் லாபம், 14,000 என்றால் காலை 6.10-க்கே போங்கள். ஏற்கெனவே ஏர்போர்ட் வந்துவிட்டால் காத்திருக்கும்வரை சாப்பாடு அவர்கள் பொறுப்பு.

கேன்சல் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ‘ஆபரேஷனல் ரீசன்’ என்று மட்டும் தந்தால் விடாதீர்கள். டிக்கெட்டில் ஏஜென்ட் போன் நம்பர் இல்லாமல் உங்கள் போன் நம்பர் இருக்கிறதா? இல்லையென்றால் இழப்பீடு போச்சு.

பிரியா, பானஸ்வாடி: டெல்லியில பனின்னா ஒண்ணுமே கிடைக்காது சார். என் மச்சான் ஏர்லைன்லதான் இருக்கார்.

மச்சான் சொன்னது பாதி சரி. வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடான ஏடிசி, வேலைநிறுத்தம் என்றால் இழப்பீடு இல்லை. ரீஃபண்ட் எங்கும் போகாது.

பிரியா: ஹோட்டல்?

அங்கேதான் சண்டை. இரவு 8 முதல் 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய ஃப்ளைட் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் உண்டு. ‘அது தாமதத்துக்கு, இது கேன்சல்’ என்பார்கள் கவுன்டரில். காலைவரை உட்கார வைப்பது தாமதம் இல்லாமல் வேறென்ன என்பது என் கட்சி.

பிரியா: மச்சான் ஒத்துக்க மாட்டார்.

அவர் சம்பளம் அங்கே. கேட்டு மறுத்தால், மறுத்ததை மெயிலில் பதிந்துவிட்டு நீங்களே ரூம் எடுங்கள், பில்லை வையுங்கள். கட்டாயம் கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

முருகேசன், கே.ஆர். புரம்: என் ரயில் கேன்சல் ஆச்சு, இதே ரூல்தானே?

ரயில்வேயைக் கேளுங்கள்.

நித்யா, ஹெப்பால்: ரீஃபண்டை ‘கிரெடிட் ஷெல்’லா போட்டுட்டாங்க. எங்கே புகார்?

ஷெல் என்றால் பணத்தைத் திருப்பாமல் அடுத்த டிக்கெட்டுக்கென்று ஏர்லைனே வைத்துக்கொள்வது. அது வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம், அவர்களுடையது அல்ல. ‘கார்டுக்கே வேண்டும்’ என்று ஏர்லைனில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மெயில். அசையாவிட்டால் அந்த மெயிலையே இணைத்து airsewa.gov.in-ல் புகார். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே போடலாம்.

ஜான், கோரமங்களா: கேன்சல் ஆனா இழப்பீடு உண்டா?

மேலே படிங்க ஜான். டிக்கெட்டில் யார் நம்பர்?

ஜான்: ஏஜென்ட் நம்பர்…

ம்.