இடிதாங்கி இருந்தும் டிவி ஏன் போச்சு?

மொட்டை மாடியில் செலவு பண்ணி இடிதாங்கி வைத்தோம். போன சித்திரை மழையில் டிவியும் இன்வெர்ட்டரும் போய்விட்டன. ஏமாந்துவிட்டோமா? (மன்னார்குடி)

ஏமாறவில்லை. இடிதாங்கிக்கு உள்ள வேலை ஒன்றுதான். வீட்டின் மேல் நேராக விழும் மின்னலை உச்சிக் கம்பியில் வாங்கி, சுவரோரமாக இறங்கும் பட்டை வழியே மண்ணுக்குள் விடும். அந்தப் பாதை இல்லாவிட்டால் மின்னல் ஈரச் சுவருக்குள் பாயும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு நொடிக்குள் ஆவியாகி, காரையும் கல்லும் வெடித்துச் சிதறும்.

உங்கள் டிவிக்கு வந்த வினை கம்பத்திலிருந்து வரும் கம்பி வழியாக வந்திருக்கும். டெல்டாவில் வயல் நடுவே கிலோமீட்டர் கணக்கில் மேல்கம்பி ஓடுகிறது. அதன் மேலோ பக்கத்திலோ மின்னல் விழுந்தால் சில ஆயிரம் வோல்ட் அலை வீடு வரை வரும். கேபிள் டிவி வயரும் இன்னொரு வாசல். இதையெல்லாம் மாடியில் நிற்கும் இடிதாங்கி தடுக்காது. அதற்குத்தான் மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர்.

அந்த சர்ஜ் புரொடெக்டரும் போட்டாச்சு சார். அதற்கென்று தனியாக எர்த் குழியும் தோண்டினோம். அப்புறமும் பிரிட்ஜ் போர்டு எரிந்தது. (திருத்துறைப்பூண்டி)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கோளாறு அந்தத் தனிக் குழியில்தான்.

சர்ஜ் புரொடெக்டர் அலையை விழுங்கிவிடுவதில்லை. வோல்டேஜ் எகிறும்போது பேஸையும் எர்த்தையும் ஒரு கணம் சேர்த்துவிடும். அந்தக் கணத்தில் இரண்டுக்கும் நடுவே சுமார் 1,500 வோல்ட் மட்டும் மிஞ்சும். இது பிரிட்ஜ் தாங்கக்கூடிய அளவு. ஆனால் மின்னல் அலை அவ்வளவு வேகமாக ஏறுவதால் சாதாரண வயரே அதற்குத் தடையாகிவிடுகிறது. தோராயமாக மீட்டருக்கு 1,000 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் பேஸிலிருந்து கருவிக்கும், அங்கிருந்து வெளியே புதுக் குழிக்கும் சேர்த்து 6 மீட்டர் வயர் போகிறது. 1,500-ம் 6,000-ம் கூட்டினால் 7,500. போதாததற்கு பிரிட்ஜின் எர்த் பழைய குழியில் நிற்கிறது. மின்னல் பாயும் நேரத்தில் இரண்டு குழிகளும் ஒரே வோல்டேஜில் இருப்பதில்லை. அந்த வித்தியாசமும் பிரிட்ஜ் தலையில்தான் விழும்.

செய்ய வேண்டியது இதுதான். கருவியை மெயின் போர்டிலேயே, வீட்டு எர்த் எல்லாம் சேரும் பட்டைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பேஸ் வயர், எர்த் வயர் இரண்டையும் சேர்த்து அரை மீட்டருக்குள் முடியுங்கள். வயரைச் சுருட்டி வைப்பது கூடாது. புதுக் குழியை மூட வேண்டாம், பழைய குழியோடு தடித்த செப்புக் கம்பியால் இணைத்துவிடுங்கள். இடிதாங்கி உள்ள வீட்டில் அதன் எர்த்தையும் இதோடு சேர்த்தாக வேண்டும். அந்த வீட்டுக்கு நேரடி மின்னலையும் தாங்கும் டைப் 1 வகை வேண்டும். மற்ற வீடுகளுக்கு டைப் 2 போதும்.

பெரும்பாலான கருவிகளின் முகத்தில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும். பச்சை போய் சிவப்பு தெரிந்தால் கருவி செத்துவிட்டது என்று அர்த்தம். கரண்ட் வழக்கம்போல வரும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பெரிய இடிமழைக்கு அப்புறமும் ஒரு தடவை பாருங்கள். இவ்வளவு இருந்தும், வீட்டில் ஆள் இருந்தால் மழைக்கு முன்பே பிளக்கையும் கேபிள் வயரையும் பிடுங்கிவிடுவது இன்னும் நல்லது. இடி தலைக்கு மேல் வந்தபின் பிளக்கில் கை வைக்காதீர்கள்.

மூன்று பின் இல்லாத பழைய பிளக் பாயிண்டில் ஸ்பைக் பஸ்டர் போடலாமா? (கீழ்வேளூர்)

போடலாம், வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக. எர்த் இல்லாமல் அலையை எங்கே இறக்கும்?

நடவு வேலையில் இருக்கும்போது இடி இடித்தால் வேப்பமரத்தடியில் ஒதுங்குவோம். மோட்டார் கொட்டகை பரவாயில்லையா? (ஒரத்தநாடு)

இரண்டுமே வேண்டாம். மரத்தில் விழும் மின்னல் பக்கத்தில் நிற்கும் ஆள் மேல் தாவும். கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியும் இரும்புக் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அதே மேல்கம்பியில் வரும் அலை அங்கேயும் வரும். கான்கிரீட் வீடோ, இரும்புக் கூரை போட்ட பஸ், கார், வேன் எதுவோ கிடைத்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள்.

எப்போது கிளம்புவது? மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டு நடக்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் வயலில் இறங்கக் கூடாது. இந்த அரை மணியில்தான் 'மழை விட்டாச்சு' என்று பலர் இறங்குகிறார்கள்.

ஓட இடமே இல்லையென்றால் கூட்டமாக நிற்காமல் பிரிந்து, இரண்டு காலையும் ஒட்டி வைத்துக் குந்துங்கள். மண்ணில் பாயும் மின்சாரம் இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் உடம்பில் ஏறும். மாடுகள் மரத்தடியில் அதிகம் சாவதற்கு அவற்றின் முன்கால் பின்கால் இடைவெளியும் ஒரு காரணம்.

மின்னல் அடித்தவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா? (வேதாரண்யம்)

அடிக்காது. உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள், இன்னொருவர் 108-க்குக் கூப்பிடட்டும். கம்பி அறுந்து அவர் மேல் கிடந்தால் மட்டும் கதை வேறு. லைனை ஆஃப் செய்யும் வரை கிட்டே போகாதீர்கள்.