மனநோய் மருந்தும் ஏறும் எடையும்: மனநல மருத்துவர் பதில் சொல்கிறார்

மகனுக்கு 24 வயது. ஓலான்சபின் 10 மில்லிகிராம் தொடங்கி மூன்று மாதமாகிறது. குரல்கள் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் 62 கிலோ இருந்தவன் 69 ஆகிவிட்டான். நடுராத்திரியில் எழுந்து சோற்றுப்பானையைத் திறக்கிறான். மருந்தை நிறுத்திவிடலாமா, டாக்டரம்மா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. சட்டென்று விட்டால் குரல்கள் திரும்பிவிடும் அபாயம் அதிகம். பானையைத் திறப்பதற்காக அவனைத் திட்டவும் வேண்டாம். வயிறு நிறைந்தால் ‘போதும்’ என்று மூளை சொல்லும் அல்லவா, அந்தக் குரலை இந்த மருந்து அமுக்கிவிடுகிறது.

தொடங்கியபோது இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து கூடினாலே நாங்கள் விழித்துக்கொள்ள வேண்டும். 62 கிலோவுக்கு அது மூன்று கிலோ சொச்சம். அதாவது முள் 65ஐத் தாண்டியபோதே பேச்சு தொடங்கியிருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் மாதாமாதம் எடை பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஏறிய ஏழு கிலோவை இறக்குவதைவிட மூன்றாவது கிலோவில் மறிப்பது எளிது.

மருந்துக்கு முன் வெறும் வயிற்றில் சர்க்கரை 92. இப்போது 108. லேப்பில் கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள்.

126க்குக் கீழே இருப்பதால் சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் 100ஐத் தாண்டியது எல்லைக்கோட்டு நிலை. அந்த 92 கையில் இருப்பதால்தான் மூன்றே மாதத்தில் ஏறியது என்று தெரிகிறது. பலரிடம் அந்தப் பழைய எண்ணே இருப்பதில்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

பிறகு மருத்துவர் முன் இரண்டு வழிகள் இருக்கும். அரிப்பிபிரசோல் போல எடையை அதிகம் கூட்டாத மருந்துக்கு மெல்ல மாற்றலாம். ஆனால் மாற்றும் வாரங்களில் நோய் தலைகாட்டக்கூடும். அல்லது ஓலான்சபினை வைத்துக்கொண்டு மெட்பார்மின் சேர்க்கலாம். அது சில கிலோதான் குறைக்கும், தொடக்கத்தில் வயிற்றைக் கலக்கும், சிறுநீரகப் பரிசோதனையும் தேவை. மருந்து இவ்வளவு நன்றாகக் கேட்டிருக்கும் பையனுக்கு நான் இரண்டாவதையே முதலில் யோசிப்பேன்.

நான் பல வருடமாக மெட்பார்மின் சாப்பிடுகிறேன். அப்படியானால் எனக்கு மனநோய் என்று நினைத்தா கொடுத்தார்கள்?

இல்லை ஐயா. அது சர்க்கரை மாத்திரையேதான். நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

எடை ஏறினால்தானே சர்க்கரை வரும்? அண்ணன் குளோசபின் சாப்பிடுகிறார், ஒல்லியாகத்தான் இருக்கிறார். தவறாமல் ரத்தம் எடுக்கிறார்கள், ஏதாவது இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

முதல் பாதி பெரும்பாலும் சரி. ஆனால் எடை ஏறாமலே சர்க்கரை ஏறுகிறவர்கள் உண்டு. இரண்டாம் பாதி தவறு. குளோசபினுக்காக எடுக்கும் ரத்தத்தில் பார்ப்பது வெள்ளை அணுக்களை. தனியாக எழுதிக் கொடுத்தால் ஒழியச் சர்க்கரையைப் பார்க்க மாட்டார்கள். ஊசி ஏறுவதைப் பார்த்துப் பார்த்து எல்லாம் சோதித்தாகிவிட்டது என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள். ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, அதோடு மயக்கம் போன்ற தூக்கம் என்றால், ‘மாத்திரைத் தூக்கம்’ என்று படுக்கவைக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை எகிறி உயிருக்கே ஆபத்தாவது அரிது, ஆனால் நடக்கிறது.

ரிஸ்பெரிடோன் சாப்பிடுபவள் நான். போகும்போதெல்லாம் எடை பார்த்துவிட்டு ‘வாயைக் கட்டு’ என்கிறார்கள். சோற்றை ஒருவேளையாகக் குறைத்தும் இறங்கவில்லை. அவமானமாக இருக்கிறது.

அப்படிச் சொன்னது தவறு. சோற்றைக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, குடிப்பதைக் கணக்கிடுங்கள். தூக்கக் கலக்கத்துக்கு டீ, வாய் உலர்ந்தால் குளிர்பானம் என்று போகும். இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு ஐந்து டீ என்றால் நாளுக்குப் பத்துக் கரண்டி.

எடையோடு இடுப்பையும் அளக்கச் சொல்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்ட பிறகு, துணிக்கு மேல் அல்லாமல் டேப்பை வைக்க வேண்டும். நம்மவர்களுக்கு உடம்பு பெருக்கும் முன்பே வயிற்றில் கொழுப்பு சேர்வதால் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை.

மாதம் ஒருமுறை ஊசிதான் போடுகிறார்கள். வயிற்றுக்குள் போகாததால் எனக்கு இதெல்லாம் வேண்டாம், இல்லையா?

வேண்டும். ஊசி வழியாகப் போனாலும் ரத்தத்தில் கலப்பது அதே வகை மருந்துதான்.

மனநல மருத்துவர் சர்க்கரை டாக்டரிடம் அனுப்புகிறார். அவர் ‘இது அந்த மருந்தால் வந்தது’ என்று திருப்பி அனுப்புகிறார். யார்தான் பார்ப்பது?

மருந்தை எழுதுகிறவர்தான் பரிசோதனையையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து. என் துறையினர் எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. எடையை முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், சர்க்கரையைத் தொடக்கத்திலும் மூன்றாம் மாதத்திலும் பிறகு ஆண்டுதோறும் பார்ப்பது வழக்கம். குடும்பத்தில் சர்க்கரை இருந்தால் இன்னும் அடிக்கடி. எல்லாவற்றையும் ஒரே நோட்டில் தேதியோடு எழுதி, இரண்டு மருத்துவர் மேசையிலும் அதையே விரித்து வையுங்கள்.

மகனுக்கு மெட்பார்மின் தொடங்கினால் எத்தனை நாள் தர வேண்டும், டாக்டரம்மா?

இதற்கு ஒரே பதில் இல்லை அம்மா. ஓலான்சபின் தொடரும்வரை பசியும் தொடரும் என்பதால் நான் பெரும்பாலும் கூடவே தொடர்கிறேன். ஓராண்டு பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி நிறுத்தினால், மறுபடி மாதாமாதம் எடை பார்க்க வேண்டும்.