‘அரிதான நோய்’ என்று எழுதுவதற்கு முன்: கேஸ் ரிப்போர்ட் முன்னுரை குறித்த கேள்வி-பதில்

கேள்வி: சர்க்கரை நோயுள்ள 48 வயது விவசாயி ஒருவருக்கு மூன்று வாரக் காய்ச்சல், புராஸ்டேட்டில் சீழ்க்கட்டி. கடைசியில் மெலியாய்டோசிஸ் என்று தெரிந்தது. முன்னுரையை “மெலியாய்டோசிஸ் இந்தியாவில் மிக அரிதான நோய்” என்று தொடங்கினேன். இதழிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

அந்த முதல் வரியே காரணமாக இருக்கலாம். இந்த நோயை ஓரளவு அறிந்த மதிப்பாய்வாளருக்கு அது சரியில்லை என்று உடனே தெரிந்துவிடும். 2016-இல் வெளியான ஒரு கணக்கீடு, உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு இது வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அதில் மற்றப் பகுதிகளைவிடப் பெரிய பங்கு தெற்காசியாவுக்கு. ஆகவே இந்தியாவில் அரிதாக இருப்பது நோயறிதல்தான். அறிக்கைகள் குறைவு என்பதை வைத்து நோய் குறைவு என்று எழுத முடியாது.

சீழ்க்கட்டி புராஸ்டேட்டில் இருந்தது என்பதும் ‘அரிது’ என்ற வாதத்துக்குக் கைகொடுக்காது. வடக்கு ஆஸ்திரேலியாவின் டார்வினில், மெலியாய்டோசிஸ் உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட்டை ஸ்கேன் செய்து பார்ப்பதே வழக்கம்.

ஆனால் நீங்கள் அனுப்பிய வரைவின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கிறது: “முதல் ரத்தக் கல்ச்சரில் சூடோமோனாஸ் இனம் என்று அறிக்கை வந்தது.” உங்கள் கேஸின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மெலியாய்டோசிஸை உண்டாக்கும் பர்க்ஹோல்டீரியா சூடோமாலி சாதாரண ஊடகத்திலேயே வளரும். ஆக்சிடேஸ் பாசிட்டிவாகவும் இருக்கும். பழக்கமில்லாத ஆய்வகம் அதைச் சூடோமோனாஸ் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மருந்து உணர்திறன் பட்டியல் காட்டிக்கொடுக்கும். பொதுவாக இந்தக் கிருமி ஜென்டமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காது, கோ-அமாக்சிக்ளாவுக்கு அடங்கும். சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் பெரும்பாலும் இது தலைகீழ். உங்கள் நோயாளியின் தாளில் இந்த வடிவம் முதல் நாளே இருந்திருக்கிறது; யாரும் படிக்கவில்லை.

முன்னுரையை இப்படி அமைத்துப் பாருங்கள். இறுதியில் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், ஆனால் வரிசை இதுதான்:

“மெலியாய்டோசிஸ் தெற்காசியாவில் பரவலாக இருந்தும் குறைவாகவே கண்டறியப்படுகிறது. இதற்கு ஒரு காரணம், கிருமியைச் சூடோமோனாஸ் என்று தவறாக அடையாளம் காண்பது. தவறினால் பொருந்தாத மருந்து தொடர்கிறது. தீவிரச் சிகிச்சைக்குச் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் தேவை. உணர்திறன் அறிக்கையில் இருந்த தடயம் கவனிக்கப்படாமல் சிகிச்சை தாமதமான ஒரு நோயாளியை இங்கே விவரிக்கிறோம்.”

முதலில் தெரிந்தது, பிறகு இடைவெளி, பிறகு அந்த இடைவெளியால் நோயாளிக்கு என்ன கேடு, கடைசியில் உங்கள் கேஸ். “பொதுவாக” என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். மலேசியாவின் சரவாக் பகுதியில் ஜென்டமைசினுக்கு அடங்கும் வகைகள் உண்டு. அதை அறிந்த மதிப்பாய்வாளர் கையில் உங்கள் தாள் சிக்கலாம்.

கேள்வி: “எங்களுக்குத் தெரிந்தவரை இதுவே முதல் கேஸ்” என்று எழுதலாமா?

தேடிப் பார்த்தபின் எழுதலாம். பப்மெட்டில் ஒரே சொல்லைத் தட்டிவிட்டு எழுதக் கூடாது. இப்படித் தேடுங்கள்:

```
("Melioidosis"[Mesh] OR melioidosis[tiab])
AND prostat*[tiab]
```

மெஷ் குறிச்சொல்லை மட்டும் நம்பினால், இன்னும் வகைப்படுத்தப்படாத புதிய கட்டுரைகள் தப்பிவிடும். அதற்காகத்தான் தலைப்பு-சுருக்கத் தேடலும் சேர்கிறது. எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி வரை, எந்தச் சொற்கள் என்பதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். “மாவட்டத்தில் முதல் கேஸ்” என்ற பெருமையை நான் வாசிக்காமலே தாண்டிவிடுவேன். இடத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் எதையும் முதலாவது ஆக்கிவிடலாம்.

கேள்வி: வழிகாட்டி நோயின் வரலாறு முழுவதையும் முன்னுரையில் சேர்க்கச் சொல்கிறார். விட்மோர் ரங்கூனில் கண்டறிந்ததிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்கான ‘கேர்’ வழிகாட்டுதல்கள் முன்னுரைக்குக் கேட்பது ஓரிரு பத்திகள்தான்: இந்தக் கேஸ் ஏன் தனித்தது என்பது மட்டும். 1912-இல் வெளியான விட்மோரின் விவரிப்பு உங்கள் வாதத்துக்கு எதையும் சேர்க்கவில்லை. ஒரு வரியை எடுத்துவிட்டாலும் வாதம் நிற்கிறது என்றால், அந்த வரியை எடுத்துவிடுங்கள். வழிகாட்டி வற்புறுத்தினால் விவாதப் பகுதிக்கு மாற்றிவிடுங்கள். அங்கே அது யாரையும் தொந்தரவு செய்யாது.

கேள்வி: நோயாளியின் ரத்தப் பரிசோதனை அளவுகளை முன்னுரையில் கொடுக்கலாமா?

கூடாது. அவை கேஸ் விவரிப்புக்கு உரியவை. முன்னுரையில் “சர்க்கரை நோயுள்ள ஒருவர்” என்பது வரை போதும். அந்தச் சொல்லையும் காரணத்தோடுதான் வைக்கிறோம்: மெலியாய்டோசிஸுக்குச் சர்க்கரை நோயே முதன்மையான ஆபத்துக் காரணி. நோயாளி விவசாயி என்பதையும் விவரிப்பில் எழுதுங்கள். கிருமி ஈரமண்ணிலும் நீரிலும் வாழ்கிறது.