கார் லோன் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு, என்ஓசி தர மாட்டேங்கறாங்க

கேள்வி: சார், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில கார் லோன் போட்டேன், சொந்த உபயோகத்துக்குத்தான். 48வது இஎம்ஐ மார்ச் 5ம் தேதி அக்கவுண்ட்ல இருந்து போயிடுச்சு. என்ஓசி கேட்டா, போன வருஷம் ரெண்டு தடவை செக் பவுன்ஸ் ஆன சார்ஜ் 6,340 ரூபா பாக்கி இருக்குன்னு வாயாலயே சொல்றாங்க, பேப்பர்ல எதுவும் தரல. நாலு மாசமா அலையுறேன். காரை வாங்க ஒருத்தர் ரெடியா இருக்கார், ஃபார்ம்ல கையெழுத்து போட்டு குடுத்துடுங்க, பேர் அப்புறம் மாத்திக்கலாம்ங்கறார். என்ன பண்றது?

பதில்: முதல்ல அந்த வாங்கறவர் விஷயம். கையெழுத்து போட்ட ஃபார்மை குடுத்து காரை அனுப்பிடாதீங்க. ஆர்சில உங்க பேர் இருக்கற வரைக்கும் சட்டப்படி ஓனர் நீங்கதான், நாளைக்கு அந்த கார் யார் மேலயாவது மோதினா நஷ்ட ஈடு கேஸ் உங்க மேலதான் வரும், 2018ல நவீன் குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே இதை தெளிவா சொல்லிருக்கு. கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்க. பொறுக்க மாட்டேன்னா வேற ஆள் வருவார்.

இப்ப கம்பெனி விஷயம். உங்ககிட்ட இன்னும் பேப்பர்ல எதுவும் இல்ல, அதான் இதுல பிரச்சனையே. கவுண்டர்ல உக்காந்திருக்கறவர் சொன்ன 6,340க்கு கணக்கும் கிடையாது, சாட்சியும் கிடையாது. அதனால முதல் வேலை, லோன் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட் முழுசா கேட்டு வாங்குங்க, முதல் இஎம்ஐ தொடங்கி இன்னிக்கு வரைக்கும். அதுல பவுன்ஸ் ஆன மாசத்துல எவ்ளோ சார்ஜ் போட்டாங்க, அதுக்கு மேல மாசா மாசம் வட்டி ஏத்தினாங்களான்னு பாருங்க. 2023ல ரிசர்வ் பேங்க் ஒரு உத்தரவு போட்டுது, கட்டாம லேட் ஆனதுக்கு அபராதம் போடலாம், ஆனா அந்த அபராதத்து மேல மறுபடி வட்டி ஏத்தக்கூடாதுன்னு. ரெண்டு பவுன்ஸுக்கு 6,340 ஆகுதுன்னா நான் முதல்ல அதைத்தான் தேடுவேன், அக்ரிமெண்ட்ல சார்ஜ் எவ்ளோன்னு போட்டிருக்கோ அதோட ஒப்பிட்டா தெரிஞ்சிடும்.

அடுத்தது, நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு. 2023 செப்டம்பர் 13ம் தேதி ரிசர்வ் பேங்க் இன்னொரு உத்தரவு போட்டுது, பர்சனல் லோன் முழுசா கட்டி முடிச்சா 30 நாளைக்குள்ள டாக்குமெண்ட்டை திருப்பிக் குடுத்து, எந்த பதிவுல அடமானம் ஏறியிருந்தாலும் அதை நீக்கணும்னு. அவங்க தப்பால லேட் ஆனா நாளைக்கு 5,000 ரூபா வீதம் உங்களுக்கு தரணும், லேட்டுக்கு காரணத்தையும் உங்களுக்கு சொல்லணும். சொந்த உபயோக கார் லோன் இந்த பர்சனல் லோன் கணக்குல வரும், டாக்ஸி லாரி மாதிரி தொழிலுக்கு வாங்கினது வராது. உங்க கேஸ்ல மார்ச் 5ல இருந்து 30 நாள் ஏப்ரல் 4ம் தேதி முடிஞ்சுது. ஏப்ரல் 5ல இருந்து ஜூலை 5 வரைக்கும் எண்ணினா 92 நாள், அதாவது 4,60,000 ரூபா.

அந்த தொகையை பாத்து இப்பவே சந்தோஷப்பட்டுடாதீங்க. கம்பெனி ரெண்டு விதமா மறுக்கும். ஒண்ணு, கார் லோனுக்கு அடமானமா இருக்குன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சில ஏத்தியிருக்கற ஹைப்பாத்திகேஷன் பதிவு அந்த உத்தரவுல வராதுங்கும். உத்தரவுல எந்த பதிவா இருந்தாலும்னுதான் இருக்கு, ஆர்சியும் அதுல அடங்கும்னு நான் வாதாடுவேன். ரெண்டாவது, அதான் பலமான வாதம், பாக்கி இருக்கறப்ப லோனே முடியலயே, 30 நாள் எப்படி ஓடும்பாங்க. அதனால ஸ்டேட்மெண்ட்ல சார்ஜ் நிஜமாவே பாக்கி இருந்து, நியாயமான தொகையாவும் இருந்தா கட்டிடுங்க. தொகை தப்புன்னு தோணினாலும், காரை சீக்கிரம் விக்கணும்னா, "ஆட்சேபணையோடு கட்டுறேன், திரும்பக் கேக்க எனக்கு உரிமை உண்டு"ன்னு மெயில்ல எழுதி அனுப்பிட்டு கட்டுங்க. அப்புறம் லோன் முடியலன்னு சொல்ல அவங்களுக்கு வழியே இல்ல, அன்னில இருந்து 30 நாள் சந்தேகமில்லாம ஓட ஆரம்பிச்சிடும். 6,340க்காக நாலு மாசம் சண்டை போடறத விட இது மேல்னு என் அபிப்ராயம்.

லெட்டரை பிராஞ்சுக்கு மட்டும் அனுப்பாதீங்க, அந்த கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரி பேரும் மெயிலும் வெப்சைட்லயும் பிராஞ்ச்லயும் போட்டிருப்பாங்க, அவருக்கு மெயிலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்க. நீளமா வேண்டாம், இப்படி எழுதினா போதும்:

"என் லோன் நம்பர் இது, கார் நம்பர் இது. கடைசி தவணை மார்ச் 5ல கட்டியாச்சு, பேங்க் ஸ்டேட்மெண்ட் இணைச்சிருக்கேன். என்ஓசி, உங்க கையெழுத்தும் சீலும் போட்ட ஃபார்ம் 35 ரெண்டு காப்பி, லோன் குளோஸ் ஆன லெட்டர் மூணும் தரணும். பாக்கி இருக்குன்னா எந்த தேதில எந்த சார்ஜ், அக்ரிமெண்ட்ல எந்த ஷரத்துப்படின்னு எழுத்துல தரணும். 2023 செப்டம்பர் 13 ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி தாமதத்துக்கான தொகையையும் கேக்குறேன்."

ஃபார்ம் 35ஐ நான் தனியா எழுதச் சொன்னதுக்கு காரணம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 51வது பிரிவுல, ஃபைனான்ஸ்காரன் ஏழு நாளைக்குள்ள என்ஓசி தராம காரணமும் சொல்லலன்னா குடுத்த மாதிரியே எடுத்துக்கலாம்னு ஒரு வரி இருக்கு, சிலபேர் அதை காட்டி நேரா ஆர்டிஓ போயிடறாங்க, அங்க திருப்பி அனுப்பிடுவாங்க. அந்த வரி டூப்ளிகேட் ஆர்சி, அட்ரஸ் மாத்தறது, வேற மாநிலம் கொண்டு போறது மாதிரி விஷயத்துக்குத்தான். ஹைப்பாத்திகேஷனை எடுக்கணும்னா நீங்களும் ஃபைனான்ஸ் கம்பெனியும் கையெழுத்து போட்ட ஃபார்ம் 35 வேணும்.

மெயில் போட்டு 30 நாள் ஆகியும் பதில் இல்லன்னாலோ, வந்த பதில் திருப்தியா இல்லன்னாலோ, ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன்கிட்ட cms.rbi.org.in ல புகார் போடுங்க, செலவு கிடையாது, வக்கீலும் வேண்டாம். அந்த மெயில்தான் உங்க ஆதாரம், முதல்ல கம்பெனிகிட்ட கேக்காம நேரா போனா புகாரை எடுத்துக்க மாட்டாங்க. அங்கயும் நடக்கலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும்.

பேப்பர் கைக்கு வந்ததும் vahan.parivahan.gov.in ல ஹைப்பாத்திகேஷன் டெர்மினேஷனுக்கு அப்ளை பண்ணுங்க, என்ஓசில மூணு மாசம்தான் செல்லும்னு போட்டிருந்தா உடனே, இல்லன்னா மறுபடி வாங்க அலையணும். பண்ணின பிறகு அந்த சைட்லயே வண்டி விவரத்தை எடுத்துப் பாருங்க, ஃபைனான்சியர் பேர் போயிருக்கணும். கடைசியா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு என்ஓசி காப்பியும் புது ஆர்சியும் அனுப்பி பாலிசில இருந்தும் அந்த பேரை எடுக்கச் சொல்லுங்க, எடுக்காம விட்டா வண்டி மொத்தமா போற விபத்துல கிளைம் பணம் ஃபைனான்ஸ் கம்பெனி பேர்லதான் நிக்கும்.